வரைபடத்தில் விழுந்த புள்ளியை நம்பலாமா?

கண் பரிசோதனை முகாம் ஒன்றின் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையிலும் மதுரைப் பக்கத்திலுமாக நாலைந்து இடங்களில் நடந்த முகாம். அறுநூறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வந்தவர் சொன்னதை மேசையில் இருந்தவர் சொன்னபடியே எழுதியிருக்கிறார். ஒரு வரியில் ‘ப.எண் 14, பு.எண் 31, காந்தி தெரு, சூளைமேடு, சென்னை-94’. அடுத்ததில் ‘புதூர், மதுரை-7’. அதற்குக் கீழே ‘திருமங்கலம், பஸ் ஸ்டாண்டு எதிரில்’. கடைசிப் பக்கத்தில் ‘மாரியம்மன் கோயில் பின்புறம், லைன் வீடு’ என்று மட்டும்.

அடுத்த முகாமை எங்கே வைத்தால் அதிகம் பேருக்கு அலைச்சல் குறையும் என்று பார்க்க, இந்த முகவரிகள் வரைபடத்தில் ஏற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை வேண்டும். முகவரியைக் கொடுத்து அந்த இரண்டு எண்களை வாங்கும் வேலைக்குத்தான் ஜியோகோடிங் என்று பெயர். அறுநூறு வரிகளையும் ஒரு ஜியோகோடருக்கு அனுப்பினால் சில நிமிடங்களில் புள்ளிகள் வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஊர் தபால்காரரிடம் ஒரு முகவரியைக் காட்டினால், தெரியாவிட்டால் தெரியாது என்பார். ஜியோகோடர் அப்படிச் சொல்வது அரிது. கதவு எண் கிடைக்காவிட்டால் தெருவைக் கொடுக்கும். தெரு கிடைக்காவிட்டால் பேட்டையை. அதுவும் இல்லையென்றால் நகரத்தின் நடுப்புள்ளியை. ‘சென்னை’ என்று மட்டும் கேட்டால் பல இடங்களில் வரும் விடை 13.0827, 80.2707. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விழும் புள்ளி அது. வரைபடத்தில் பார்ப்பவருக்கு, வீட்டுக் கூரைமேல் விழுந்த புள்ளிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. முகவரி புரியாத நாற்பது நோயாளிகள் சென்ட்ரல் அருகே குடியிருப்பதாக வரைபடம் காட்டும். யாரோ ஒருவர் அங்கே முகாம் போட முடிவெடுப்பார்.

இப்படி நடுப்புள்ளியில் குவிவதால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் உண்டு. இணைய இணைப்பு எண்களை இடத்தோடு பொருத்தித் தரும் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், ‘அமெரிக்காவுக்குள்’ என்பதற்கு மேல் எதுவும் தெரியாத எண்களுக்கெல்லாம் நாட்டின் நடுவில் 38, -97 என்று முழு எண்களில் ஒரு புள்ளியை வைத்தது. அங்கே கான்சஸ் மாநிலத்தின் பாட்வின் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு இருந்தது. சுமார் 60 கோடி இணைப்பு எண்கள் அந்த வீட்டைக் காட்டின. திருட்டையும் மோசடியையும் தேடிய அதிகாரிகள் ஆண்டுக்கணக்கில் அங்கே குடியிருந்தவர்களின் கதவைத் தட்டினார்கள். 2016இல் ஒரு பத்திரிகையாளர் இதை வெளியே கொண்டுவந்த பிறகு, நிறுவனம் புள்ளியை ஓர் ஏரியின் நடுவுக்கு நகர்த்தியது. அது தபால் முகவரி அல்ல. ஆனால் பிழை அதேதான். ‘தெரியவில்லை’ என்பதை ஓர் இடமாக எழுதிவைத்த பிழை.

ஆகவே ஒவ்வொரு புள்ளியிடமும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். நாம் கேட்ட இடத்தைத்தான் கண்டுபிடித்ததா? கண்டுபிடித்ததை எவ்வளவு நெருக்கமாகக் குறித்தது? இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பட்டியல்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இவற்றை ஒன்றாக நினைப்பதால்தான்.

முதலில் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும். பதிவேட்டில் உள்ள முகவரியை ஒரு பத்தியில் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் புதுப் பத்திகள் போட வேண்டும். மூலத்தின்மேல் திருத்தி எழுதினால் பிறகு எதையும் சரிபார்க்க முடியாது. ‘சென்னை-94’ என்று நாம் பேச்சுவழக்கில் எழுதுவதை 600094 என்று முழு பின்கோடாக்கித் தனிப் பத்தியில் வைக்க வேண்டும். ‘மதுரை-7’ அதேபோல் 625007. ‘எதிரில்’, ‘பின்புறம்’, ‘அருகில்’ என்று வரும் அடையாளங்களை இன்னொரு பத்திக்கு ஒதுக்க வேண்டும். ‘வங்கி எதிரில்’ என்று அனுப்பினால் அந்த வங்கியின் ஏதோ ஒரு கிளைமேல் புள்ளி விழ வாய்ப்பிருக்கிறது. நோயாளியின் பெயரையும் போன் எண்ணையும் அனுப்பவே கூடாது. அவை வெளியார் கணினிக்குப் போக வேண்டிய விவரங்கள் அல்ல.

கதவு எண் சென்னைக்கே உரிய தலைவலி. ஒரே வீட்டுக்குப் பழைய எண் 14, புதிய எண் 31. இரண்டையும் சேர்த்து அனுப்பினால் ஜியோகோடர் குழம்பும். 14ஐ மட்டும் அனுப்பினால், புது வரிசையில் 14 ஆக இருக்கும் வேறொரு வீட்டில் போய் நிற்கும். புதிய எண்ணை அனுப்பிவிட்டு, பழையதைப் பத்தியில் வைத்துக்கொள்வதே நல்லது.

சூளைமேட்டு வரியை இப்படிச் சுத்தம் செய்து அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். கூகுளின் ஜியோகோடிங் சேவை தரும் விடையில் நாம் படிக்க வேண்டிய பகுதி இந்த மாதிரி இருக்கும்:

```
"formatted_address": "31, Gandhi St, Chennai, Tamil Nadu 600045, India"
"location_type": "ROOFTOP"
"partial_match": true
```

நடுவில் இருக்கும் `ROOFTOP` என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதி வரும். கூரைமேலேயே குறித்துவிட்டது என்று பொருள். அதற்குக் கீழான தரங்கள் மூன்று. `RANGE_INTERPOLATED` என்றால் தெரிந்த இரண்டு எண்களுக்கு நடுவே கணக்குப் போட்டு ஊகித்த இடம். அமெரிக்கத் தெருக்களில் எண்கள் ஒரு பக்கம் ஒற்றை, மறுபக்கம் இரட்டை என்று ஒழுங்காக ஏறிப்போவதால் இந்தக் கணக்கு அங்கே ஓரளவு பொருந்தும். நம் தெருக்களில் நான் அதை நம்பமாட்டேன். `GEOMETRIC_CENTER` என்றால் தெருவின் அல்லது பேட்டையின் நடு. `APPROXIMATE` என்றால் தோராயம்.

ஆனால் இந்தத் தரம் நம் இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான் பதில். முதல் கேள்விக்கான பதில் மற்ற இரண்டு வரிகளில் இருக்கிறது. `partial_match` என்றால் கேட்டதில் ஒரு பகுதிதான் பொருந்தியது என்று அர்த்தம். எந்தப் பகுதி விட்டுப்போனது? விடையில் சூளைமேடு இல்லை. பின்கோடு 600045, அதாவது தாம்பரம் பக்கம். சென்னையில் காந்தி தெரு ஒன்றல்ல. வேறொரு காந்தி தெருவின் 31ஆம் எண் வீட்டுக் கூரையைத் துல்லியமாகக் குறித்துக் கொடுத்திருக்கிறது. நம் நோயாளி இருப்பது அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் அப்பால். தோராயம் என்று சொல்லிச் சூளைமேட்டின் நடுவில் விழுந்திருந்தால்கூட இதைவிட எவ்வளவோ மேல்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இயங்கும் நாமினாட்டிம் என்ற இலவசச் சேவையிலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. அதன் விடையில் `importance` என்று ஓர் எண் வரும். அதைப் பொருத்தத்தின் மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டு, குறைந்ததையெல்லாம் கழித்துவிடுபவர்கள் உண்டு. உண்மையில் அது அந்த இடம் எவ்வளவு பிரபலமானது என்பதன் அளவு. சென்னை மாநகரத்துக்கு அது அதிகமாக இருக்கும், சரியாகக் கண்டுபிடித்த சின்னத் தெருவுக்குக் குறைவாக இருக்கும். அதை வைத்து வடிகட்டினால் நல்லது போய்விடும், கெட்டது தங்கிவிடும்.

சேவை தன்னைப்பற்றித் தானே சொல்வதோடு நிற்காமல், நாமும் வெளியிலிருந்து சோதிக்க வேண்டும். இருக்கிற சோதனைகளில் மிக எளிது பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் நடைமுறைக்கு வந்த இந்த ஆறு இலக்கத்தில், முதல் மூன்றும் கடிதங்களைப் பிரித்தனுப்பும் மாவட்டத்தையும், கடைசி மூன்றும் தபால் அலுவலகத்தையும் குறிக்கின்றன. நாம் கொடுத்த பின்கோடும் விடையில் வந்த பின்கோடும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் இருந்தால் போதும். முதல் மூன்று இலக்கமே மாறியிருந்தால் அநேகமாக வேறு ஊர். சென்னை அண்ணாநகர் பக்கத்தில் ஒரு திருமங்கலம், மதுரை மாவட்டத்தில் ஒரு திருமங்கலம்; பெரம்பூர் என்பதை ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூட்டிக் குறைத்து எழுதினால், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பெரம்பலூருக்குப் போய்விடும். இவையெல்லாம் இந்தச் சோதனையில் சிக்கிவிடும். கடைசி மூன்று இலக்கம் மட்டும் மாறியிருந்தால் பொறுமை வேண்டும். பக்கத்துப் பேட்டையின் பின்கோடைத் தன்னுடையது என்று பல வருடமாக எழுதிவருபவர்கள் நம்மிடையே நிறைய. அதை உடனே பிழை என்று தள்ளாமல், இரண்டு பின்கோடுகளும் அக்கம்பக்கமா, சூளைமேடும் தாம்பரமும் போலத் தொலைவா என்று பார்க்க வேண்டும்.

அடுத்த சோதனை, குவியல். வெவ்வேறு முகவரிகள் ஒரே புள்ளியில் விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. அட்சரேகை F பத்தியிலும் தீர்க்கரேகை G பத்தியிலும் இருந்தால், எக்செலில் இந்தச் சூத்திரம் போதும்:

```
=COUNTIFS(F:F,F2,G:G,G2)
```

இரண்டு, மூன்று என்று வந்தால் அது ஒரே அடுக்குமாடியாகவோ ஒரே குடும்பமாகவோ இருக்கலாம். நாற்பது என்று வந்தால் அது வீடல்ல, ஏதோ ஒன்றின் நடுப்புள்ளி. 13.0827 வரிகள் எல்லாம் இங்கே கையும் களவுமாகப் பிடிபடும். எண்கள் இடம் மாறியிருப்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். சென்னையின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போட்டால் புள்ளி ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் போய் விழும்.

இவ்வளவையும் பார்த்தபின் ஒவ்வொரு வரிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறி போடலாம். எதற்காக வரைபடம் என்பதை வைத்துத்தான் நிறம் முடிவாகும். எந்தத் தாலுகாவில் முகாம் போடுவது என்பதுதான் கேள்வியென்றால், ‘புதூர், மதுரை-7’ பேட்டையின் நடுவில் விழுந்தாலும் பச்சைதான். அறுவை சிகிச்சை முடிந்தவரை வீட்டில் போய்ப் பார்க்க ஒரு செவிலியரை அனுப்பப் போகிறோம் என்றால் அதே புள்ளி சிவப்பு. நிறத்தோடு காரணத்தையும் ஒரு பத்தியில் எழுதிவைக்க வேண்டும்: ‘பின்கோடு மாறியது’, ‘குவியல்’, ‘தெருவரை மட்டும்’. அடுத்து வருபவர் அதைப் பார்த்துத்தான் எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்வார். பச்சை வரிகளிலும் ஒரு முப்பதைக் குருட்டாம்போக்கில் எடுத்து, கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது என் வழக்கம். அதில் நான்கைந்து தவறினால் பச்சைக்கு நான் வைத்த விதியே தவறு.

சிவப்பு வரிகளை என்ன செய்வது? அழித்துவிட்டு மிச்சத்தை வைத்து வரைபடம் போடுவதுதான் பலரும் செய்வது. எனக்கு அதுதான் பெரிய கவலை. சிவப்பாவது யாருடைய முகவரி என்று பார்க்க வேண்டும். பெயரும் எண்ணும் உள்ள தெருவில், சொந்த வீட்டில் இருப்பவரின் முகவரி எளிதில் பொருந்திவிடுகிறது. புறம்போக்கில் குடிசை போட்டவர், தெருப்பெயர் இல்லாத குக்கிராமத்தார், ரயில்வே கேட்டை அடையாளமாகச் சொல்பவர், இவர்கள்தான் பொருந்தாமல் போகிறார்கள். அவர்களை நீக்கினால் அவர்கள் வாழும் பகுதி வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும். நோயாளியே இல்லை என்று அதைப் படித்துக்கொண்டு முகாம் வேறிடம் போகும். அதனால் வரைபடத்தின் கீழேயே எத்தனை வரிகள் பொருந்தவில்லை, அவை எந்த முகாமில் பதிவானவை என்று எழுத வேண்டும். முகவரி தெரியாவிட்டாலும், அவர் எந்த முகாமுக்கு வந்தார் என்பது நமக்குத் தெரியும்.

‘மாரியம்மன் கோயில் பின்புறம், லைன் வீடு’ எந்த ஜியோகோடராலும் ஆகாது. முகாம் நடந்த ஊரின் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் வீட்டைக் காட்டுவார். வாசலில் நின்று போனில் ஜிபிஎஸ் எண்ணை எடுத்து F, G பத்திகளில் எழுதிவிட்டு, காரணப் பத்தியில் ‘நேரில் எடுத்தது’ என்று தேதியோடு போட வேண்டும்.