கமோடுக்கு அடியில் ஒரு மெழுகு வளையம்

கனடா, அமெரிக்க வீடுகளில் தரையில் நிற்கும் கமோடைச் சிமெண்டு வைத்துப் பூசுவதில்லை. கழிவுக் குழாயின் வாயில் ஃபிளேஞ்ச் என்ற வட்டத் தட்டு தரையோடு திருகப்பட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு போல்ட்டுகள் நிமிர்ந்து நிற்கும். கமோடை அவற்றின்மேல் இறக்கி நட்டு போடுவார்கள். இடையே வைத்த மெழுகு வளையம் நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும்.

கமோடுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவை மறிக்கிறது. ஆனால் மெழுகு இருக்கும் இடம் அந்தத் தண்ணீரைத் தாண்டி, சாக்கடைப் பக்கம். அங்கே மயிரிழை விரிசல் விழுந்தாலும் போதும், கோப்பை நிறையத் தண்ணீர் இருந்தும் அறை நாறும்.

பழைய தரைமேல் புது டைல்ஸ் ஒட்டிய குளியலறையில் இது அடிக்கடி நேர்கிறது. தரை ஒரு சென்டிமீட்டர் உயர்ந்துவிட, ஃபிளேஞ்ச் பள்ளத்தில் தங்கிவிடுகிறது. சாதாரண வளையம் கமோடை மேலோட்டமாகத்தான் தொடும். முதலில் எல்லாம் சரியாகவே தெரியும். தரை சமமில்லாமல் கமோடு லேசாக ஆடினால், ஒவ்வொரு முறை உட்காரும்போதும் மெழுகு நசுங்கும். மெழுகு ரப்பரைப் போல மீண்டும் உப்பாது. நசுங்கிய இடம் இடைவெளியாகவே நிற்கும். நட்டை மேலும் முடுக்குவது இதற்கு மருந்தல்ல, பீங்கான்தான் விரியும்.

செய்ய வேண்டியது கமோடைக் கழற்றுவது. தண்ணீரை மூடி, தொட்டியையும் கோப்பையையும் காலிசெய்து தூக்கியதும், வாயு வராமல் குழாய்க்குள் துணியை அடைக்க வேண்டும். பழைய மெழுகை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். ஃபிளேஞ்சின் திருகுகள் அடித்தரைப் பலகையை இறுகப் பிடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; பலகை உளுத்திருந்தால் முதலில் அதை மாற்றாமல் எதுவும் நிற்காது. பிறகு ஃபிளேஞ்சின்மேல் உயர்த்தும் வளையத்தைச் சிலிக்கான் தடவி வைத்து, நீளமான திருகுகளால் தரையோடு முடுக்கலாம். ஃபிளேஞ்சின் அடி டைல்ஸ் மட்டத்தில் இருந்தால், அதாவது அதன் விளிம்பு தரைக்குச் சற்று மேலே நின்றால், அதுவே நல்ல உயரம்.

அடுத்த படியைப் பலர் தவறவிடுகிறார்கள். மெழுகு வைக்காமல் கமோடை ஒருமுறை வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடும் இடத்தில் பிளாஸ்டிக் ஆப்பு செருகி அசைவை நிறுத்திய பிறகே புது வளையம். துணியை எடுக்க மறக்கக் கூடாது. போல்ட்டுகளுக்கு நேராக இறக்கி, மேலே உட்கார்ந்து எடையால் அழுத்த வேண்டும். இறக்கிய பின் மறுபடி தூக்கினால் அந்த வளையம் வீண். நட்டுகளை இருபக்கமும் மாறிமாறிச் சிறிது சிறிதாக முடுக்கி, கமோடு அசையாமல் நின்றதும் விட்டுவிட வேண்டும்.

அடி விளிம்பில் சிலிக்கான் பூசும்போது பின்பக்கம் சிறிது திறந்து விடுவது நல்லது. நாளை கசிந்தால் தண்ணீர் அங்கே தெரியும். சுற்றி மூடிவிட்டால் அது பலகையைத்தான் அழிக்கும். இத்தனைக்கும் பிறகு நாற்றம் தொடர்ந்தால், தரைச் சல்லடைக்குக் கீழே உள்ள தண்ணீர்ப் பூட்டு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி நாற்றம் நின்றால், குற்றம் கமோடுடையதல்ல.