மெழுகுவத்திக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு லென்ஸ்

இருட்டான அறை. மேசையில் ஒரு மெழுகுவத்தி எரிகிறது. அதிலிருந்து 45 செ.மீ. தள்ளி ஒரு வெள்ளை அட்டை நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு குவிலென்ஸைப் பிடித்து, சுடர் பக்கத்திலிருந்து அட்டையை நோக்கி மெல்ல நகர்த்தினால், முதலில் அட்டையில் தெரிவது மங்கலான ஒரு வெளிச்சத் திட்டு மட்டுமே. லென்ஸ் சுடரிலிருந்து 15 செ.மீ. தூரத்துக்கு வந்ததும் அந்தத் திட்டு கூர்மையடைந்து, தலைகீழாகத் தொங்கும் ஒரு பெரிய சுடராகிவிடுகிறது. இன்னும் சற்று நகர்த்தினால் கலைந்துபோகிறது. இத்துடன் வேடிக்கை முடிந்தது என்று லென்ஸைக் கீழே வைப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். 30 செ.மீ. வந்ததும் அட்டையில் மறுபடியும் ஒரு சுடர். இதுவும் தலைகீழ்தான், ஆனால் குட்டிச் சுடர்.

அதே மெழுகுவத்தி, அதே அட்டை, அதே லென்ஸ். பிம்பம் மட்டும் ஏன் இரண்டு இடங்களில் கிடைக்கிறது?

இதற்கு விடை காண இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கதிர்ப்படம், மற்றது லென்ஸ் சமன்பாடு. பத்தாம் வகுப்பில் இரண்டையும் படித்தவர்கள்கூட இவற்றைத் தனித்தனிக் கேள்விகளாகவே நினைவில் வைத்திருப்பார்கள். உண்மையில் படம் சொல்வதையே சமன்பாடு எண்ணில் சொல்கிறது.

இங்கே எடுத்துக்கொண்ட லென்ஸின் குவியத் தொலைவு 10 செ.மீ. மிகத் தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை அது தனக்கு 10 செ.மீ. பின்னால் ஒரு புள்ளியில் சேர்க்கும் என்று பொருள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கேட்டால் இதை '+10 பவர்' என்பார்கள். குவியத் தொலைவை மீட்டரில் எழுதி, 1-ஐ அதனால் வகுத்தால் வருவதுதான் அந்த பவர். சுடரின் உயரம் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் படம். ஒரு வரைபடத்தாளில் குறுக்கே ஒரு நேர்கோடு. இது முதன்மை அச்சு. அதன் மேல் செங்குத்தாக ஒரு கோடு, இதுதான் லென்ஸ். இரண்டும் வெட்டும் இடம் ஒளியியல் மையம். அங்கிருந்து இருபுறமும் 10 செ.மீ. தள்ளி ஒவ்வொரு குவியம். இடப்பக்கம் 15 செ.மீ. தூரத்தில் அச்சின் மேல் 2 செ.மீ. உயரத்துக்குச் சுடரை நிறுத்த வேண்டும். தாளில் இடம் போதாது என்றால் நீளவாக்கில் 5 செ.மீ.-க்கு 1 செ.மீ. என்று சுருக்கிக்கொள்ளலாம், உயரத்தைச் சுருக்காமல் அப்படியே விடலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் சுருங்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீளத்தை மட்டும் நசுக்கினாலும் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும், வெட்டும் புள்ளியும் சரியான எண்ணிலேயே விழும். கோணம் மட்டும்தான் பொய்யாகும். அதை இங்கே யாரும் அளக்கப்போவதில்லை.

சுடரின் நுனியிலிருந்து எண்ணற்ற கதிர்கள் எல்லாத் திசையிலும் கிளம்புகின்றன. நமக்குத் தேவை, எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்த இரண்டு. அச்சுக்கு இணையாகப் போகும் கதிர் லென்ஸில் விலகி, மறுபக்கக் குவியத்தின் வழியாகக் கீழிறங்கும். ஒளியியல் மையத்தின் வழியாகப் போகும் கதிர் திரும்பாமல் நேராகப் போய்விடும். இரண்டையும் வரைந்து நீட்டினால், லென்ஸுக்கு வலப்பக்கம் 30 செ.மீ. தூரத்தில், அச்சுக்கு 4 செ.மீ. கீழே சந்திக்கின்றன. சுடர் நுனியின் பிம்பம் அங்கேதான். சுடர் 2 செ.மீ., பிம்பம் 4 செ.மீ., அதுவும் தலைகீழ். அட்டையில் கண்ட பெரிய சுடர் இதுவே.

மூன்றாவதாக ஒரு கதிரும் உண்டு. சுடர்ப் பக்கக் குவியத்தின் வழியாக வந்து, லென்ஸைத் தாண்டியதும் அச்சுக்கு இணையாகப் போவது. நம் கணக்கில் இதை வரைந்தால் அது அச்சுக்கு 4 செ.மீ. கீழே லென்ஸைத் தொடுகிறது. ஆனால் கையிலிருக்கும் லென்ஸின் விட்டம் 5 செ.மீ.தான் என்றால், அதன் விளிம்பே மையத்திலிருந்து 2.5 செ.மீ.-இல் முடிந்துவிடும். அதாவது இந்தக் கதிர் நிஜத்தில் லென்ஸுக்குள் நுழையவே இல்லை! ஆனாலும் படத்தில் அது சரியாக அதே புள்ளிக்குத்தான் வந்து சேர்கிறது. காரணம், படத்தில் வரையும் கதிர்கள் பிம்பத்தைக் கட்டும் கதிர்கள் அல்ல. இடத்தைக் கண்டுபிடிக்க நாம் பிடித்துக்கொள்ளும் நூல்கள். லென்ஸின் எந்த மூலை வழியாகப் போனாலும் நுனியின் கதிர்கள் எல்லாம் அந்த ஒரே புள்ளிக்குத்தான் போகின்றன.

இது புரிந்தால் தேர்வில் பலரைக் கவிழ்க்கும் கேள்வி ஒன்றுக்கு விடை கிடைத்துவிடும். லென்ஸின் மேல்பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் பிம்பம் பாதியாகுமா? ஆகாது. முழுச் சுடரும் தெரியும், வெளிச்சம் மட்டும் குறையும். மெழுகுவத்தி எரியும்போதே ஒரு துண்டுத் தாளைக் குறுக்கே பிடித்துப் பார்த்துவிடலாம்.

இனி சமன்பாடு. அது வானத்திலிருந்து குதிக்கவில்லை, இந்தப் படத்திலிருந்தே பிறக்கிறது. மையத்தின் வழியாகப் போன கதிர், இருபுறமும் ஒரே சாயலுள்ள இரண்டு முக்கோணங்களை உண்டாக்குகிறது. ஆகவே பிம்பத்தின் உயரம் பொருளின் உயரத்தைப் போல் எத்தனை மடங்கோ, பிம்பத்தின் தொலைவும் பொருளின் தொலைவைப் போல் அத்தனை மடங்கு. குவியத்தின் வழியாக இறங்கிய கதிரும் இதேபோல் ஒரு ஜோடி முக்கோணத்தைத் தருகிறது. இரண்டையும் சேர்த்துச் சுருக்கினால் வருவது இதுதான்:

1/f = 1/v − 1/u

இதில் f குவியத் தொலைவு, u பொருளின் தொலைவு, v பிம்பத்தின் தொலைவு. எல்லாமே லென்ஸின் மையத்திலிருந்து அளக்கப்படுபவை. ஒளி போகும் திசையில் அளந்தால் கூட்டல் குறி, எதிர்த்திசையில் அளந்தால் கழித்தல் குறி. சுடர் லென்ஸுக்கு இடப்பக்கம் இருப்பதால் u = −15. எனவே 1/v = 1/10 − 1/15 = 1/30. அதாவது v = 30 செ.மீ. உருப்பெருக்கம் m = v/u = 30/(−15) = −2. பிம்பம் இரு மடங்கு, கழித்தல் குறி அது தலைகீழ் என்பதைச் சொல்கிறது. படம் தந்த அதே விடை.

மாணவர்கள் சறுக்குவது அந்தக் கழித்தல் குறியில்தான். சமன்பாட்டிலேயே ஒரு கழித்தல் இருக்கிறதே என்று u-வுக்கு +15 போட்டுவிடுவார்கள். அப்போது 1/v = 1/10 + 1/15 = 1/6, அதாவது v = 6 செ.மீ. கணக்கு சுத்தமாகத்தான் தெரியும், பிழை கண்ணில் படாது. ஆனால் கைப்படமாக ஒரு கதிர்ப்படம் கிறுக்கியிருந்தால் உடனே மாட்டிக்கொள்ளும். மிகத் தொலைவிலிருந்து வரும் கதிர்களையே இந்த லென்ஸால் 10 செ.மீ.-க்கு முன்னால் சேர்க்க முடியாது. பக்கத்துச் சுடரின் விரிந்து வரும் கதிர்களை 6 செ.மீ.-இல் எப்படிச் சேர்க்கும்? குவிலென்ஸின் மெய்ப்பிம்பத்துக்கு v எப்போதும் f-ஐவிடப் பெரிது. விடை அதற்குக் குறைவாக வந்தால் குறியைத் திரும்பப் பார்க்க வேண்டும். படத்தின் பலவீனம் வேறு மாதிரி. பென்சில் முனை தடித்தால் 30, 31 ஆகும். தோராயத்துக்குப் படம், துல்லியத்துக்குச் சமன்பாடு என்று இரண்டையும் கைவசம் வைத்திருப்பவர் அனேகமாகத் தவறுவதில்லை.

இப்போது அந்தக் குட்டிச் சுடருக்கு வருவோம். குறிகளை ஒதுக்கிவிட்டு வெறும் நீளங்களாக எடுத்துக்கொண்டால், சுடரிலிருந்து லென்ஸ் வரை ஒரு நீளம், லென்ஸிலிருந்து அட்டை வரை ஒரு நீளம். இரண்டின் கூட்டுத்தொகை 45. லென்ஸ் சமன்பாட்டைச் சற்றுத் திருப்பிப்போட்டால், அவற்றின் பெருக்குத்தொகை 45 × 10 = 450 ஆக வேண்டும் என்று வருகிறது. கூட்டினால் 45, பெருக்கினால் 450 தரும் எண்கள் 15, 30. எது முன்னால், எது பின்னால் என்று சமன்பாடு கேட்கவில்லை. 15-இல் வைத்தால் பிம்பம் 30-இல், 4 செ.மீ. உயரம். 30-இல் வைத்தால் பிம்பம் 15-இல், 1 செ.மீ. உயரம். இரண்டு சுடர்களின் மர்மம் இவ்வளவே.

அட்டையை 40 செ.மீ.-க்கு நெருக்கினால் இரண்டு இடங்களும் 20-இல் ஒன்றாகிவிடும், பிம்பம் சுடரின் அளவிலேயே இருக்கும். 35-க்குக் கொண்டுவந்தால்? கூட்டுத்தொகை 35, பெருக்குத்தொகை 350 தேவை. 35-ஐ எப்படிப் பிரித்தாலும், சரிபாதியாகப் பிரித்தாலும்கூட, பெருக்குத்தொகை 306-ஐச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். லென்ஸை எங்கே பிடித்தாலும் அட்டையில் பிம்பம் விழாது. பொருளுக்கும் திரைக்கும் நடுவே குவியத் தொலைவைப் போல் நான்கு மடங்காவது இடம் வேண்டும். ஆய்வகத்தில் 'லென்ஸ் சரியில்லை சார்' என்று எழும் புகார்களை விசாரித்தால், பழி பெரும்பாலும் லென்ஸின் மேல் இருக்காது.

சுடரை லென்ஸுக்கு 6 செ.மீ. அருகே கொண்டுபோனால் கதை மாறுகிறது. u = −6 என்று போட்டால் v = −15. கழித்தல் குறி, பிம்பம் சுடர் இருக்கும் பக்கத்திலேயே இருப்பதாகச் சொல்கிறது. படத்தில் கதிர்கள் வலப்பக்கம் சேராமல் விரிந்து போகும். அவற்றைப் புள்ளிக்கோடுகளாகப் பின்னோக்கி நீட்டினால்தான் சேரும். இது மாயப்பிம்பம். அட்டையில் பிடிக்க முடியாது. லென்ஸ் வழியே பார்க்கும் கண்ணுக்கு நிமிர்ந்து, இரண்டரை மடங்கு பெரிதாகத் தெரியும். கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் செருகியிருக்கும் லென்ஸ் செய்வது இந்த வேலையைத்தான்.

மெழுகுவத்திச் சோதனையில் ஒரு தொல்லை உண்டு. தடித்த லென்ஸில் மையம் எது என்று அளவுகோலால் சரியாகக் குறிக்க முடியாது. சுடரோ ஆடிக்கொண்டே இருக்கும், அதன் உயரத்தை அளப்பதும் கஷ்டம். 1838-இல் ஒரு நட்சத்திரத்தின் தொலைவை அளந்து காட்டிய ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் பெயரால் வழங்கும் முறை இதைத் தாண்டிவிடுகிறது. அவருடைய முறையில் மையம் தேவையில்லை. சுடருக்கும் அட்டைக்கும் உள்ள தூரம் D, கூர்மையான பிம்பம் கிடைத்த இரண்டு இடங்களுக்கு நடுவே லென்ஸ் நகர்ந்த தூரம் d, இவை இரண்டும் போதும்:

f = (D² − d²) / 4D

நம் கணக்கில் D = 45, d = 15. 2025-இலிருந்து 225-ஐக் கழித்து 180-ஆல் வகுத்தால் 10. சுடரின் உயரத்துக்கும் இதில் வழி உண்டு. பெரிய பிம்பம் 4, சிறிய பிம்பம் 1. பெருக்கினால் 4, அதன் வர்க்கமூலம் 2. தொடாமலே சுடரை அளந்தாயிற்று.

வீட்டில் தாத்தாவின் படிக்கும் கண்ணாடி கிடைத்தால் இதைச் செய்து பார்க்கலாம். அது +2 பவர் என்றால் குவியத் தொலைவு 50 செ.மீ. மேசை போதாது, மெழுகுவத்தியைச் சுவரிலிருந்து 2 மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள்.