நாற்காலி வரிசையில் இடமிருந்து மூன்றாவது யார்?

எனக்குப் பத்தாம் வகுப்பில் தமிழ் நடத்திய ஆசிரியர், ஓய்வுக்குப் பிறகு ஒரு நினைவு மலர் கொண்டுவரும் வேலையில் இறங்கியிருக்கிறார். தான் வகுப்பாசிரியராக இருந்த ஒவ்வொரு ஆண்டின் குரூப் போட்டோவும் அதில் வர வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகப் பழைய மாணவர்களுக்கு எழுதிய கடிதம் எனக்கும் வந்தது. இப்படிப்பட்ட கடிதங்களில் வழக்கமாக ‘உங்களிடம் உள்ள படங்களை அனுப்பி உதவுங்கள்’ என்று ஒரு வரிதான் இருக்கும். ஐயாவின் கடிதமோ இரண்டு பக்கம். படத்தை எப்படி எடுத்து அனுப்ப வேண்டும், கூடவே என்னென்ன எழுத வேண்டும் என்று பாடம் நடத்துவதுபோல் விளக்கியிருந்தார். அந்த இரண்டு பக்கமும் ஏன் வேண்டியிருந்தன என்பது, படங்கள் வந்து சேரத் தொடங்கியபோது புரிந்தது.

பள்ளியிலேயே படங்கள் இருக்குமே என்று தோன்றலாம். தலைமையாசிரியர் அறைச் சுவரில் மாட்டியவற்றில் பல, வெள்ளையடிக்கும்போது கழற்றப்பட்டுத் திரும்ப மாட்டப்படவே இல்லை. சில கரையானுக்குப் போயின. மாணவர் வீடுகளிலும் எல்லாரிடமும் பிரதி கிடையாது. பொதுத்தேர்வுக்கு முன்பு ஸ்டுடியோக்காரர் வந்து படம் எடுத்துவிட்டுப் போவார். பணம் கட்டியவர்களுக்குத்தான் அட்டையில் ஒட்டிய பிரதி. வரிசையில் நின்றும் படம் வாங்க முடியாமல் போனவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தார்கள். அதனால் ஓர் ஆண்டின் படம் இன்று இரண்டு மூன்று வீடுகளில் மட்டுமே கிடைக்கிறது. ‘வேறு யாராவது அனுப்பியிருப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள்’ என்ற பொருளில் ஐயா எழுதியிருந்ததற்கு இதுதான் காரணம்.

கடிதத்தில் அவர் அடிக்கோடிட்டிருந்த விஷயம் வாட்ஸ்அப். அதில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால், இடத்தை மிச்சப்படுத்த அது படத்தைச் சுருக்கிவிடுகிறது. நீளவாக்கில் ஏறக்குறைய 1600 புள்ளிகள்தான் மிஞ்சும். ஒரு வரிசையில் 12 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 130 புள்ளி போலக் கிடைக்கும். தோளையும் இடைவெளியையும் கழித்தால் முகத்துக்கு 40, 50 புள்ளி தேறினாலே அதிகம். செல்போன் திரையில் இது பளிச்சென்று இருக்கும், ஆனால் அச்சில் கண் எது, புருவம் எது என்று தெரியாது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 1600 புள்ளியை வைத்து ஐந்தே கால் அங்குல அகலத்துக்குத்தான் தரமாக அச்சிட முடியும். மலரின் பக்கத்தை நிறைக்கும் 10 அங்குலப் படத்துக்கு 3000 புள்ளி தேவை.

ஆகவே ஐயா சொன்ன வழி இது: படத்தை ஸ்கேனர் உள்ள கடைக்குக் கொண்டுபோய் 600 டிபிஐ வைத்து, கலரில், ஜேபெக் கோப்பாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல கடைகளில் சான்றிதழுக்குச் செய்வதுபோல் குறைந்த அளவில் பிடிஎஃப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதற்குக் கலர் என்று கடைக்காரர் கேட்பார். மஞ்சள் கறையையும் ஈரத் திட்டையும் பிறகு கணினியில் பிரித்துக் குறைக்க அந்த நிறத் தகவல்தான் உதவும். கோப்பை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பலாம். போட்டோவாக அல்லாமல் ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்பினால் அது சுருங்காது.

கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் படத்தை ஸ்கேன் செய்யக் கழற்றுவதில்தான் பெரிய ஆபத்து. பழைய போட்டோத் தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். மழைக்கால ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சாய்த்துப் பார்த்தால் ஒட்டிய இடம் மட்டும் நனைந்தாற்போல் பளபளக்கும். அப்படி இருந்தால் உரிக்கவே கூடாது. உரித்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும், கையில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். சட்டத்தோடு திண்ணை நிழலில் நிறுத்தி, ஃபிளாஷ் போடாமல், செல்போனைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுங்கள். எடுப்பவரின் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் கண்ணாடியில் நிழலாடாது.

இவ்வளவும் செய்தால் படம் கிடைத்துவிடும். மலருக்கு அதைவிட அவசியம் பெயர்கள். என் கணிப்பில் இந்தக் கடிதத்தின் உயிரான பகுதி அதுதான். ‘இரண்டாம் வரிசையில் மூன்றாவது’ என்று எழுதினால் குழப்பம்தான் வரும். ஒருவர் மேலிருந்து எண்ணுவார், இன்னொருவர் கீழிருந்து. எனவே வரிசைக்கு எண் வேண்டாம், பெயர் சொல்லுங்கள் என்றார் ஐயா: தரையில் உட்கார்ந்தவர்கள், நாற்காலி வரிசை, நிற்கும் வரிசை, பெஞ்சு மேல் நிற்பவர்கள். இடது என்பது படத்தைப் பார்ப்பவரின் இடது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘உறுதி’ அல்லது ‘நினைக்கிறேன்’ என்று ஒரு சொல். படத்தின் பின்புறம் குறிப்பதானால் பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் முகத்தில் கோடாகத் தெரியும்.

அந்த ‘நினைக்கிறேன்’ எவ்வளவு உதவியது என்பதற்கு, தாவணிப் பெண்கள் நிற்கும் ஒரு படம் சாட்சி. நிற்கும் வரிசையில் நான்காவது மாணவிக்கு இரண்டு பேர் பெயர் எழுதி அனுப்பினார்கள். பெயர் ஒன்றுதான், இனிஷியல் மட்டும் வேறு. இரண்டு பேருமே ‘நினைக்கிறேன்’ என்றுதான் குறித்திருந்தார்கள். ஐயா முகத்தை விட்டுவிட்டு நாற்காலி வரிசையைப் பார்த்தார். தலைமையாசிரியருக்குப் பக்கத்தில் தன்னோடு உட்கார்ந்திருந்தவர் ‘ஆ’ பிரிவின் ஆசிரியர். அப்படியானால் இரு பிரிவையும் சேர்த்து எடுத்த படம் இது. அந்தப் பெயரில் பிரிவுக்கு ஒருத்தியாக இரண்டு பேர் படித்திருக்கிறார்கள் என்பது பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தெரிந்தது. அப்படியென்றால் மற்றவளும் படத்தில் எங்கோ இருக்க வேண்டும். தேடியபோது பெஞ்சு வரிசையின் ஓரத்தில், பெயர் எழுதாமல் விட்டிருந்த முகம் கிடைத்தது. எது யார் என்று அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழியிடம் கேட்டு முடிவு செய்தார்கள். இதில் எல்லாருக்கும் சுற்றலாகத் தோன்றியது, பெண்களைத் தேடுவது. திருமணத்துக்குப் பிறகு பலருக்கு இனிஷியல் மாறிவிட்டது, ஊரும் மாறிவிட்டது. பதிவேட்டில் உள்ள அப்பா பெயரும் ஊர்ப் பெயரும்தான் நூல் பிடித்துப் போக வழி.

பலகையில் ஆண்டு எழுதாத படங்களும் வந்தன. ஒன்றில் எஸ்.எஸ்.எல்.சி., பதினொன்றாம் வகுப்பு என்று மட்டும் இருந்தது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை 1978-இல் தொடங்கியது, அதுவரை எஸ்.எஸ்.எல்.சி. பதினொன்றில்தான். ஆகவே அந்தப் படம் அதற்கு முந்தியது. ஐயா பணியில் சேர்ந்த ஆண்டையும் பக்கத்தில் வைத்தபோது சில ஆண்டுகளுக்குள் அது அடங்கிவிட்டது.

கடிதத்தின் கடைசிக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. படம் எடுத்த அன்று வராதவர்கள் யார், அரையாண்டுக்குள் படிப்பை நிறுத்தியவர்கள் யார் என்று கேட்டிருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவர்கள் பெயர்களும் வரப்போகின்றன. கடைசி வரை அடையாளம் தெரியாத முகங்களுக்கு ஊகித்துப் பெயர் போடுவதில்லை. எண் போட்டு, எதிரே ஒரு கோடு மட்டும் விட்டு அச்சிடுவது என்று முடிவு செய்திருக்கிறார். மலரை வாங்குபவர்கள் தெரிந்த பெயரை அதில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அவருக்கு அனுப்ப வேண்டும்.