டி-4 குறைந்தால் தைராய்டு நோயா?

நடுவயது லாப்ரடார் ஒன்று. வழக்கமான தீனிதான், ஆனாலும் உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. கூப்பிட்டால் எழுந்து வரச் சோம்பல். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி உதிர்ந்து, வால் எலிவாலாக மெலிந்துவிட்டது. ஆனால் அரிப்பு இல்லை. இப்படியொரு நாயைப் பார்த்ததும் கால்நடை மருத்துவருக்குத் தைராய்டு குறைபாடு நினைவுக்கு வரும். பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தின்றுவிடுவதாலோ, சுரப்பி காரணம் தெரியாமல் சுருங்கிப்போவதாலோ வருகிற நோய் இது.

ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். மொத்தத் தைராக்ஸின், அதாவது டி-4, ஒரு டெசிலிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம். பல ஆய்வகங்களில் இயல்பு அளவு ஏறக்குறைய 1 முதல் 4 வரை. உடனே மாத்திரை தொடங்கலாமா? கூடாது. காதில் சீழ்பிடித்து இந்த நாய் மூன்று வாரமாகப் பிரெட்னிசலோன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்டீராய்டு மட்டுமே டி-4 அளவை இறக்கிவிடும். வலிப்புக்குத் தரும் பீனோபார்பிட்டோன், சல்ஃபா மருந்துகள், கடும் தொற்று, சிறுநீரகக் கோளாறு, கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், குஷிங் நோய் ஆகியவையும் இறக்கும். நோயுற்ற உடல் தைராக்ஸினைக் குறைத்துக்கொள்கிறது. சுரப்பியில் பழுது இருக்க வேண்டியதில்லை. நாய் நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழிக்கிறதென்றால், முதலில் தேட வேண்டியது தைராய்டை அல்ல, சர்க்கரையையும் குஷிங்கையும்தான். குஷிங் நோயிலும் முடி இரண்டு பக்கமும் இப்படித்தான் கொட்டும். கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாய்களுக்கு நல்ல உடல்நிலையிலேயே டி-4 குறைவு.

ரத்தத்தில் ஓடும் தைராக்ஸினில் ஏறக்குறைய முழுவதும் புரதத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. மிகச் சிறு பகுதிதான் ஒட்டாமல் திரிகிறது. செல்லுக்குள் போய் வேலை செய்வது அதுதான். அதற்குப் பெயர் ஃப்ரீ டி-4. டயாலிசிஸ் முறையில் அளந்தால், மற்ற நோய்களின் பாதிப்பு இதில் குறைவு. ஆனால் இல்லாமல் போவதில்லை: நோய் கடுமையானால் இதுவும் இறங்கும். மலிவான தானியங்கி முறையில் அளந்த ஃப்ரீ டி-4, மொத்த டி-4 சொன்னதற்கு மேல் எதையும் சொல்லாமல் போகலாம். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்பது நல்லது.

நம் லாப்ரடாருக்குக் காது ஆறியது, ஸ்டீராய்டு நின்றது, ஆறு வாரம் காத்திருந்தார்கள். மறுபரிசோதனையில் டி-4 0.5, டயாலிசிஸ் முறையில் ஃப்ரீ டி-4 குறைவு, சுரப்பியை விரட்டி வேலை வாங்கும் டி.எஸ்.எச். 1.2, அதாவது வழக்கமான மேல் எல்லையான 0.6-ஐப்போல இருமடங்கு. கொலஸ்ட்ராலும் அதிகம். இப்போது சந்தேகமில்லை. டி.எஸ்.எச். உயராத நிஜ நோயாளி நாய்களும் கணிசமாக உண்டு என்பதால், அது இயல்பாக இருந்தால் மட்டும் நோயை மறுத்துவிட முடியாது. மாத்திரை கொடுத்துப் பார்த்து முடிவு செய்வதும் ஏமாற்றும். சுரப்பி நன்றாக உள்ள நாய்க்கும் தைராக்ஸின் முடியை வளர்த்துவிடும்.

மருந்தளவுதான் மருந்துக்கடைக்காரரைத் திகைக்க வைக்கும். வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம், 12 மணிக்கொரு முறை. 30 கிலோ நாய்க்கு வேளைக்கு 600 மைக்ரோகிராம்: 100 மைக்ரோகிராம் மாத்திரையில் ஆறு, காலையும் மாலையும். வீட்டிலுள்ள அம்மா ஒரு நாள் முழுவதற்கும் ஒரே ஒரு 100 மாத்திரை சாப்பிடுகிறவராக இருக்கலாம். நாயின் குடல் இம்மருந்தைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. உறிஞ்சியதும் மனிதருக்குப்போல ஒரு வாரம் தங்காமல் சில மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. இதய நோயுள்ள நாய்க்கு மட்டும் இதில் கால் பங்கிலோ பாதியிலோ தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள்.

ஆறு வாரம் கழித்து, மாத்திரை கொடுத்து ஐந்து மணி நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள். அந்த நேரத்தில் டி-4 இயல்பின் மேல் பாதியிலோ சற்றே தாண்டியோ இருக்க வேண்டும். வந்தது 1.6. நாய்க்குச் சுறுசுறுப்பும் அரைகுறைதான். மருத்துவர் அளவைக் கூட்டாமல், மாத்திரையை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். தயிர்சாதத்தில் பிசைந்து என்றார்கள். உணவோடு போனால் உறிஞ்சுவது இன்னும் குறையும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பாகக் கொடுக்கச் சொன்னார். நான்கு வாரத்தில் 3.7.

சுறுசுறுப்பு ஓரிரு வாரத்திலேயே தெரியும். முடி நிரம்ப மாதக்கணக்காகும். தொடக்கத்தில் பழைய முடி கூடுதலாகக் கொட்டவும் செய்யும், அதைப் பார்த்து மருந்தை நிறுத்திவிட வேண்டாம். நாய் ஓயாமல் இளைத்தால், நிலைகொள்ளாமல் அலைந்தால், தாகம் கூடினால், நன்றாகத் தின்றும் மெலிந்தால் அளவு அதிகம் என்று பொருள். அப்போது டி-4 பார்த்து, மருத்துவர் பெரும்பாலும் கால் பங்கு குறைத்து, அதே ஐந்து மணி நேரக் கணக்கில் மீண்டும் ரத்தம் எடுப்பார்.