பக்கம் வளர்கிறதா? வெளியாரை எண்ணிப் பாருங்கள்

இன்ஸ்டாகிராமில் பக்கம் நடத்துகிறவரிடம் எப்படிப் போகிறது என்று கேட்டால், முதலில் ஃபாலோயர் எண்ணிக்கையைச் சொல்வார். அடுத்து, கடைசியாக நன்றாக ஓடிய ரீலின் வியூஸைச் சொல்வார். பக்கம் தன் பழைய வட்டத்தைத் தாண்டிப் போகிறதா என்பது இந்த இரண்டு எண்களிலும் தெரியாது. அதற்கான விடை இன்சைட்ஸ் பகுதியில் இருக்கும் சின்ன வட்ட வரைபடத்தில் இருக்கிறது. பார்த்தவர்களை அது ஃபாலோயர்கள், ஃபாலோ செய்யாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. இரண்டாவது கூட்டத்தை இந்தக் கட்டுரையில் வெளியார் என்று அழைக்கிறேன்.

கணக்கு புரொஃபஷனல் வகையாக இருந்தால்தான் இன்சைட்ஸ் கிடைக்கும். சாதாரணக் கணக்கை செட்டிங்ஸில் போய்க் காசில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே போனதும் ஒரு வேறுபாட்டை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். ரீச் என்பது ஆட்களின் எண்ணிக்கை: ஒருவர் உங்கள் ரீலைப் பத்து முறை பார்த்தாலும் ரீச்சில் அவர் ஒருவர்தான். வியூஸ் என்பது தடவைகளின் எண்ணிக்கை: அதே ஆள் அங்கே பத்தாக ஏறிவிடுவார். 2024 முதல் இன்ஸ்டாகிராம் எல்லா வகைப் பதிவுகளுக்கும் வியூஸையே முதன்மை எண்ணாக முன்னிறுத்துகிறது. ஆகவே உங்கள் திரையில் தெரியும் வட்டம் எதன் பங்கீடு என்று முதலில் பாருங்கள். வியூஸ் வட்டத்தில் உள்ள சதவீதத்தை எடுத்து ரீச் எண்ணோடு பெருக்கினால் வரும் விடைக்குப் பொருளே கிடையாது. திரும்பத் திரும்பப் பார்க்கும் பத்துப் பதினைந்து தீவிர ஃபாலோயர்கள் வியூஸ் பங்கீட்டைத் தங்கள் பக்கம் சாய்த்துவிடுவார்கள். கீழே வரும் கணக்கு முழுவதும் ரீச்சை வைத்துப் போட்டது.

மாடித்தோட்டம் பற்றி வீடியோ போடும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இதன் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஃபாலோயர்கள் 8,000 பேர். மார்ச் மாத ரீச் 6,000. அதில் வெளியார் 30 சதவீதம். ஏப்ரலில் ரீச் 5,000. வெளியார் 40 சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் பக்கம் வெளியே பரவுகிறது என்றுதான் தோன்றும். அதை ஆள் கணக்காக மாற்றிப் பாருங்கள். மார்ச்சில் வெளியார் 1,800 பேர், ஃபாலோயர்கள் 4,200 பேர். ஏப்ரலில் வெளியார் 2,000 பேர், ஃபாலோயர்கள் 3,000 பேர். வெளியாரில் கூடியது வெறும் 200. பார்த்த ஃபாலோயர்கள் 1,200 பேர் குறைந்துவிட்டார்கள். ஒரு பக்கம் சுருங்கியதால் மறுபக்கத்தின் சதவீதம் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இந்தப் பங்கீட்டைப் படிப்பதில் மிக அதிகமாக நேரும் பிழை இது. சதவீதத்தைக் கண்டதும் மொத்தத்தோடு பெருக்கி இரண்டு எண்களாகக் குறித்துக்கொள்வதுதான் இதற்கு வழி.

ஃபாலோயர் பக்கம் அப்படிச் சுருங்க என்ன காரணம் என்றும் பார்க்க வேண்டும். ஸ்டோரி பெரும்பாலும் ஃபாலோயர்களுக்கே போய்ச் சேரும். மார்ச்சில் தினமும் ஸ்டோரி போட்டவர் ஏப்ரலில் நிறுத்தியிருந்தால் ஃபாலோயர் ரீச் குறைவது இயல்பு. ரீல்ஸின் வழி வேறு. ரீல்ஸ் பகுதியிலும், எக்ஸ்ப்ளோரிலும், மற்றவர்களின் ஃபீடில் பரிந்துரையாகவும் அவை வருவதால் வெளியாரைப் பெரும்பாலும் கொண்டுவருவது அவைதான். இரண்டு மாதங்களை ஒப்பிடும் முன், அந்த மாதங்களில் எந்த வகைப் பதிவு எத்தனை போட்டோம் என்பதையும் எண்களோடு சேர்த்து எழுதி வையுங்கள். ரீல் எண்ணிக்கை இரட்டிப்பானதால் வெளியார் எண்ணிக்கை இரட்டிப்பானால், அதற்குக் காரணம் கூடுதல் உழைப்பு. பக்கத்தின் ஈர்ப்பு கூடியதாக அதைக் கொள்ள முடியாது.

மே மாதம் அந்தப் பக்கத்தில் ஓர் அணில் கொய்யாப்பழத்தைக் கொறிக்கும் 12 விநாடிக் காட்சி ஓடிவிட்டது. மாத ரீச் 24,000. வெளியார் 85 சதவீதம், அதாவது 20,400 பேர். இதில் அந்த ஒரு ரீல் மட்டுமே 18,400 வெளியாரிடம் போயிருக்கிறது. தேர்த் திருவிழா அன்று தெருவில் நிறையும் கூட்டத்தை வைத்து அந்தத் தெருக் கடையின் வியாபாரத்தைக் கணக்கிட முடியாதல்லவா? அதேபோல, இந்த ஒரு ரீலின் தாக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குச் சராசரி உதவாது. ஒரு பெரிய எண் அதை மேலே தூக்கிவிடும். ஒவ்வொரு ரீலும் எட்டிய வெளியார் எண்ணிக்கையைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். மார்ச்சில் ஐந்து ரீல்களுக்கு 150, 220, 260, 310, 540. நடு எண் 260. மே மாதத்தில் 180, 240, 290, 350, 18,400. நடு எண் 290. இவ்வளவு கூட்டம் வந்து போன பிறகும் ஒரு சாதாரண ரீல் எட்டும் தூரம் ஏறக்குறைய மாறவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ரீல் பதிவிட்ட நாளோடு நின்றுவிடுவதில்லை. வாரக்கணக்கில் புதியவர்களிடம் போய்க்கொண்டே இருக்கலாம். மாத முதலில் போட்டதையும் மாதக் கடைசியில் போட்டதையும் ஒரே நாளில் பார்த்து ஒப்பிட்டால், முன்னது வயதாலேயே பெரிதாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு ரீலையும் பதிவிட்ட ஏழாம் நாளில் பார்த்து எழுதிவைப்பது நியாயமான ஒப்பீடு. மேலே உள்ள எண்களும் அப்படி எடுத்தவை என்றே கொள்ளுங்கள்.

அடுத்து, வந்த வெளியாரில் எத்தனை பேர் தங்கினார்கள் என்ற கேள்வி. மே மாதத்தில் 20,400 வெளியார் பார்த்து, 90 பேர் ஃபாலோ செய்தார்கள். ஆயிரத்துக்கு நான்கைந்து பேர். அணிலைப் பார்க்க மொழி வேண்டாம், தோட்டமும் வேண்டாம். எந்த ஊரிலிருந்தும் பார்த்துவிட்டு நகரலாம். பார்வையாளர்களின் நாடு, நகரப் பட்டியலும் இன்சைட்ஸில் உண்டு. தமிழில் பேசும் பக்கத்துக்கு அந்தப் பட்டியலில் தமிழ் தெரியாத ஊர்கள் முன்னால் வந்தால், அந்தக் கூட்டம் அடுத்த ரீலுக்குத் திரும்பும் வாய்ப்பு குறைவு.

ஜூனில் பக்கத்தை நடத்துகிறவர் வேறு வழியில் போனார். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து தெளிப்பது எப்படி, கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோர் ஊற்றுவது எப்படி என்று ஒவ்வொரு ரீலிலும் ஒரே ஒரு சிக்கலைச் சொன்னார். ரீச் 9,500, வெளியார் 55 சதவீதம், சுமார் 5,200 பேர். மே மாதத்தோடு பார்த்தால் பெரிய சரிவு. ஆனால் ஐந்து ரீல்களின் வெளியார் எண்ணிக்கை 480, 620, 750, 900, 1,600. நடு எண் 290-இலிருந்து 750 ஆகியிருக்கிறது. ஃபாலோ செய்தவர்கள் 156 பேர், ஆயிரத்துக்கு 30. நான்கு மாதங்களில் பக்கம் உண்மையாகவே வெளியே அடி எடுத்து வைத்தது இந்த ஜூனில்தான். எந்த ஒரு ரீலையும் நீக்கிப் பாருங்கள், முடிவு மாறாது.

இது ஏன் நடந்தது என்பதற்கு ஷேர் எண்ணிக்கை ஒரு குறிப்பு தரும். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி, 2025 ஜனவரியில், பரிந்துரையைத் தீர்மானிப்பவற்றில் முக்கியமானவை என்று மூன்றைச் சொன்னார்: பார்க்கும் நேரம், லைக், மற்றவருக்கு அனுப்புதல். ஃபாலோயர்களிடம் போய்ச் சேர லைக் சற்று அதிகம் உதவும், வெளியாரிடம் போய்ச் சேர அனுப்புதல் சற்று அதிகம் உதவும் என்றும் பிரித்துச் சொன்னார். மாவுப்பூச்சி ரீலைப் பார்த்ததும், அதே தொல்லையில் இருக்கும் அக்காவுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ அனுப்பத் தோன்றும். பக்கத்தின் நடு எண் ஏறும் மாதங்களில், ரீச் ஆயிரத்துக்கு எத்தனை பேர் அனுப்பினார்கள் என்பதும் கூடவே ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் அந்த ஏற்றத்தை நான் நம்புவேன்.

வெளியார் எண்ணைச் செயற்கையாக உயர்த்துபவையும் உண்டு. காசு கொடுத்து பூஸ்ட் செய்த பதிவின் ரீச்சும் மொத்தத்தில் சேரும். அதைத் தனியே ஒதுக்க வேண்டும். இன்னொரு பக்கத்தோடு சேர்ந்து போடும் கூட்டுப் பதிவில், அந்தப் பக்கத்தின் ஃபாலோயர்கள் உங்களுக்கு வெளியார். அது வீண் என்று சொல்லவில்லை. அடுத்த தனிப் பதிவு வரும்வரை அதை வளர்ச்சியாக எண்ண வேண்டாம்.

நேர்மாறாக, வெளியார் எண் எல்லாப் பதிவுகளிலும் ஒரே நேரத்தில் சட்டென்று தரைமட்டமானால், உள்ளடக்கத்தைக் குறை சொல்லும் முன் செட்டிங்ஸில் Account Status பகுதியைத் திறந்து பாருங்கள். உங்கள் பதிவுகளை ஃபாலோ செய்யாதவர்களுக்குப் பரிந்துரைக்கலாமா என்பதை அது சொல்லும். மற்றவர்களின் வீடியோவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போடும் கணக்குகளைப் பரிந்துரையிலிருந்து விலக்குவதாக 2024 ஏப்ரலில் இன்ஸ்டாகிராம் அறிவித்தது. வேறு செயலியின் முத்திரை தெரியும் ரீல்களும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. மெல்ல மெல்லக் குறைவதற்குக் காரணம் வேறாக இருக்கும். ஒரே நாளில் அறுந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

ஜூலை எண்களைப் பார்த்தால் பலர் கலங்குவார்கள். ரீச் 10,600, வெளியார் 48 சதவீதம். ஜூனில் 55 இருந்தது குறைந்துவிட்டதே? ஆள் கணக்கில் வெளியார் 5,100, ஏறக்குறைய ஜூன் அளவேதான். ஃபாலோயர் பக்கம் 4,300-இலிருந்து 5,500 ஆகியிருக்கிறது. இந்த ஏற்றத்தில் ஒரு பகுதி, சென்ற மாதம் வெளியாராக இருந்து ஃபாலோ செய்தவர்கள்; இந்த மாதம் அவர்கள் மறுபக்கம் எண்ணப்படுகிறார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தை வேறு வெளியார் நிரப்பியிருக்கிறார்கள். வெளியார் சதவீதம் குறைந்தும் பக்கம் நலமாக இருக்கும் மாதம் இது.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சுகிறது. ஜூலையில் வந்த 5,100 பேர் புதியவர்களா, அல்லது ஃபாலோ செய்யாமல் மாதாமாதம் எட்டிப் பார்க்கும் அதே ஆட்களா? மாதப் பங்கீடு இதைச் சொல்லாது. ரீச் ஆட்களை ஒருமுறைதான் எண்ணும் என்பதால் ஒரு சோதனை செய்யலாம். ஆகஸ்டில் வெளியார் 5,300 என்று வைத்தால் மூன்று மாதக் கூட்டல் 15,600. ஆகஸ்ட் முடிந்ததும் தேதி வரம்பை 90 நாளாக மாற்றி, அங்கே வெளியார் எத்தனை என்று பாருங்கள். 13,000 அளவில் வந்தால் பெரும்பாலோர் ஒரு மாதத்தில் மட்டும் வந்தவர்கள். பக்கம் ஒவ்வொரு மாதமும் புது வாசல்களுக்குப் போகிறது. 6,000 அளவில் நின்றால் ஒரே கூட்டம் சுற்றிச் சுற்றி வருகிறது. அவர்கள் இன்னும் ஃபாலோ பொத்தானைத் தொடாதது ஏன் என்பதை புரொஃபைல் பக்கத்தில் தேட வேண்டும். இந்தச் சோதனையைத் தள்ளிப்போட முடியாது. நாள் தள்ளத் தள்ள, 90 நாள் வரம்பிலிருந்து ஜூன் நழுவிவிடும்.