பட்டினியில் மூளை எதைத் தின்று வாழ்கிறது?

1981-ல் வட அயர்லாந்தின் மேஸ் சிறையில் உண்ணாவிரதம் இருந்த 10 கைதிகள் இறந்தார்கள். தண்ணீரும் உப்பும் தவிர வேறு எதையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் இறந்த பாபி சாண்ட்ஸ் 66 நாள் தாங்கினார். பத்துப் பேரில் மிகக் குறைந்த நாள் 46, மிக அதிக நாள் 73. அவர்கள் குண்டானவர்கள் அல்ல, சாதாரண உடல்வாகு கொண்ட இளைஞர்கள். மனித உடலைப் பற்றிப் பழைய பாடப்புத்தகங்கள் சொன்ன கணக்கு மட்டுமே உண்மையாக இருந்திருந்தால், அவர்களில் யாரும் மூன்று வாரத்தைத் தாண்டியிருக்க முடியாது.

அந்தப் பழைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூளை ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. நாம் தூங்கினாலும் விழித்திருந்தாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. சாப்பாடு நின்றதும் இந்தக் குளுக்கோஸை முதலில் கல்லீரல் கொடுக்கிறது. அதில் கிளைகோஜன் என்ற வடிவில் 100 கிராம் அளவுக்குச் சர்க்கரை சேமிப்பில் இருக்கும். ஒரு பகலும் ஓர் இரவும் போனால் அது ஏறக்குறைய தீர்ந்துவிடும். தசைகளில் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு கிளைகோஜன் உண்டு. ஆனால் அதைக் குளுக்கோஸாக மாற்றி ரத்தத்தில் விடுவதற்கான கடைசி நொதி தசையில் இல்லை. தசையின் சர்க்கரை தசைக்கு மட்டும்தான்.

கொழுப்பு ஏராளமாக இருக்கிறதே என்று தோன்றும். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 12 கிலோ கொழுப்பு இருக்கும். அதில் ஒரு லட்சம் கலோரிக்கு மேல் அடங்கியிருக்கிறது. இதயமும் தசைகளும் கொழுப்பு அமிலத்தை நேரடியாக எரித்துக்கொள்ளும். மூளை அப்படிச் செய்வதில்லை. அதைக் காக்கும் ரத்தத் தடுப்பைத் தாண்டிக் கொழுப்பு அமிலம் போதிய அளவில் உள்ளே போகாது. கொழுப்பு அமிலத்தைக் குளுக்கோஸாக மாற்றும் வழியும் மனித உடலில் இல்லை. கொழுப்பு உடையும்போது கூடவே வெளிப்படும் கிளிசராலிலிருந்து மட்டும் நாளுக்கு 20 கிராம் போலக் குளுக்கோஸ் கிடைக்கும்.

மீதிக்கு ஒரே வழி, தசைப் புரதத்தை உடைத்து, அதிலிருந்து கல்லீரல் குளுக்கோஸ் செய்வது. ஒரு கிராம் குளுக்கோஸுக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிராம் புரதம் வேண்டும். மூளையின் தேவை முழுவதையும் இப்படியே ஈடுகட்டினால் நாளுக்கு 150 கிராம் புரதமாவது போகும். தசைகளில் மொத்தமே ஆறு கிலோ புரதம்தான். அதில் பாதி போனால் மூச்சு விட உதவும் தசைகள்கூடத் தளர்ந்துவிடும். மூன்று கிலோவை 150 கிராமால் வகுத்தால் 20 நாள். அதனால்தான் மூன்று வாரம் என்று சொன்னோம்.

மூளை வேறு எதையோ எரிக்கிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது. அது என்ன என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் கேஹிலும் ஆலிவர் ஓவனும் அவர்கள் குழுவினரும் அளந்து காட்டினார்கள். 1967-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. உடல் பருமனுக்காக மருத்துவமனையில் தங்கி, ஐந்தாறு வாரம் பட்டினி இருந்த மூன்று பேர் அதில் பங்கேற்றார்கள். மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தமனியிலிருந்தும், மூளையிலிருந்து திரும்பும் ரத்தத்தைக் கழுத்துச் சிரையில் செலுத்திய நுண்குழாய் வழியாகவும் எடுத்தார்கள். போன ரத்தத்தில் இருந்து, திரும்பிய ரத்தத்தில் குறைந்திருப்பது எதுவோ, அதுதான் மூளை எடுத்துக்கொண்ட உணவு. குளுக்கோஸ் குறைந்திருந்தது, ஆனால் வழக்கத்தைவிட மிகக் கொஞ்சமாக. மூளையின் எரிபொருளில் மூன்றில் இரண்டு பங்கு கீட்டோன்களாக இருந்தது. நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் வரும் நச்சுக் கழிவு என்று அதுவரை மருத்துவர்கள் பெரும்பாலும் பார்த்துவந்த அதே பொருள்.

கீட்டோன் உருவாகும் விதம் இதுதான். சாப்பாடு இல்லாதபோது ரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. அது குறைந்ததும் கொழுப்புத் திசுக்கள் கொழுப்பு அமிலத்தை ரத்தத்தில் விடுகின்றன. கல்லீரல் அதை எடுத்து உடைக்கிறது. தன்னால் எரிக்க முடிந்த அளவைவிட அதிகமாக உடைப்பதால், மிஞ்சும் துண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்னும் சிறு மூலக்கூறுகளாக்கி வெளியே அனுப்புகிறது. இவை தண்ணீரில் கரையும், மூளையின் தடுப்பையும் தாண்டும். இவற்றை எரிக்கத் தேவையான நொதி கல்லீரலிலேயே இல்லை என்பதால், செய்த சரக்கு முழுதும் மற்ற உறுப்புகளுக்கே போய்ச் சேருகிறது. ஒரு சிறு பகுதி அசிட்டோனாக மாறி மூச்சில் வெளியேறும். நெடும் பட்டினி இருப்பவரின் வாயில் அழுகிய பழம் போல ஒரு வாடை வருவது அதனால்தான்.

இந்த மாற்றம் ஒரே நாளில் நடப்பதில்லை. இரவு சாப்பிட்டுக் காலையில் எழும்போது ரத்தத்தில் கீட்டோன் லிட்டருக்கு 0.1 மில்லிமோல் அளவில்தான் இருக்கும். மூன்றாம் நாள் அது ஒன்றிரண்டைத் தொடும். இரண்டு மூன்று வாரத்தில் ஆறு ஏழு வரை ஏறி அங்கேயே நிலைகொள்ளும். தொடக்க நாட்களில் தசைகளும் கீட்டோனை எரிக்கின்றன. மூன்றாவது வாரம் நெருங்கும்போது அவை அதை விட்டுக்கொடுத்துவிட்டுக் கொழுப்பு அமிலத்துக்கே திரும்பிவிடுகின்றன. அதனால் ரத்தத்தில் கீட்டோன் தங்கி, மூளைக்கு வேண்டிய மட்டும் கிடைக்கிறது. ஒரு நாள் ஏகாதசி விரதம் இருப்பவர் இந்தப் பாதையின் வாசலைத்தான் தொடுகிறார்.

இதனால் தசைக்கு என்ன லாபம் என்பதைச் சிறுநீர் காட்டிக்கொடுக்கும். உடைந்த புரதத்தின் நைட்ரஜன் சிறுநீரில்தான் வெளியேறும். ஒரு கிராம் நைட்ரஜன் என்றால் 6.25 கிராம் புரதம் போயிருக்கிறது என்று பொருள். பட்டினியின் முதல் வாரத்தில் நாளுக்குச் சுமார் 12 கிராம் நைட்ரஜன் வெளியேறும், அதாவது 75 கிராம் புரதம். ஐந்தாறு வாரத்துக்குப் பிறகு அது மூன்று நான்கு கிராமாகச் சுருங்கிவிடுகிறது. புரத இழப்பு 25 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. இந்த வேகத்தில் 60 நாள் போனாலும் இழப்பு இரண்டு கிலோவைத் தாண்டாது. அப்போது ஆயுளுக்கு எல்லை வகுப்பது கொழுப்பின் கையிருப்பு. ஒரு லட்சத்துச் சொச்சம் கலோரியை நாளுக்கு 1,700 என்று செலவழித்தால் 60 நாளுக்குக் கொஞ்சம் கூட வரும். மேஸ் சிறையின் துயரமான கணக்கும் இதையொட்டித்தான் இருக்கிறது. கொழுப்பு தீர்ந்ததும் புரத இழப்பு மறுபடி ஏறுகிறது. அது முடிவு நெருங்கிவிட்டதன் அறிகுறி.

நீண்ட பட்டினியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு ஆபத்துகளை மறைக்கக் கூடாது. பட்டினி இருக்கும் நலமான உடலில், கீட்டோன் ஏறும்போது கொஞ்சமாவது சுரக்கும் இன்சுலின் அதற்குக் கடிவாளம் போடுகிறது. முதல் வகை நீரிழிவில் இன்சுலினே இல்லாததால் கடிவாளமும் இல்லை. கீட்டோன் 20 மில்லிமோலைத் தாண்டலாம், ரத்தம் அமிலமாகி உயிரே போகலாம். வாந்தியும் வயிற்று வலியும் வேகமான ஆழ்ந்த மூச்சும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவர்கள் இன்சுலினை நிறுத்திவிட்டு விரதம் இருக்கவே கூடாது.

இரண்டாவது ஆபத்து, பட்டினி முடியும்போது வருவது. பல நாள் பட்டினிக்குப் பிறகு வயிறு நிறையச் சோறோ சர்க்கரையோ கொடுத்தால் இன்சுலின் திடீரென்று எழும்பும். அது ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகலாம். அதனால் மருத்துவர்கள் முதலில் தயமின் உயிர்ச்சத்தைக் கொடுத்து, ரத்தத்தில் இந்த உப்புகளை நாள்தோறும் பார்த்து, உணவைச் சிறிது சிறிதாகத்தான் கூட்டுவார்கள். நாள் கணக்கில் உணவை நிறுத்த நினைப்பவர், எப்படி மறுபடி சாப்பிடத் தொடங்குவது என்பதை ஒரு மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்த பிறகே முதல் வேளையைத் தவிர்க்க வேண்டும்.