உங்களுக்குத் தெரியுமா? ஸ்டார்ட் பட்டனிலிருந்து கையை எடுத்தாலும் மோட்டார் நிற்காதது ஏன்?

நிலக்கரி கன்வேயர் போன்றவற்றின் மோட்டாருக்கான லேடர் வரைபடத்தின் கரு இந்த ஒரு வரிதான்:

```
 |    I0.0       I0.1      Q0.0 |
 |--+--| |--+----| |-------( )--|
 |  |  Q0.0 |                   |
 |  +--| |--+                   |
```

இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். I0.0 ஸ்டார்ட் பட்டன், I0.1 ஸ்டாப் பட்டன், Q0.0 மோட்டாரின் கான்டாக்டரை இழுக்கும் வெளியீடு. ஸ்டார்ட்டை அழுத்தியதும் Q0.0 இயங்கி, கீழ்க்கிளையில் உள்ள தன் கான்டாக்டைத் தானே மூடிக்கொள்கிறது. பட்டனை விட்டாலும் அந்தக் கிளை வரியை உயிரோடு வைத்திருக்கும், இதுவே லாட்ச்.

புதியவர்கள் தடுமாறுவது ஸ்டாப்பில்தான். பட்டன் இயல்பில் மூடியது. ஆனால் படத்தில் திறந்த கான்டாக்டாக இருக்கிறது. பட்டனைத் தொடாதவரை I0.1-க்கு மின்னழுத்தம் வருவதால், பிஎல்சி அதை 1 என்று படிக்கிறது. அழுத்தினாலும், ஒயர் அறுந்தாலும் 0 ஆகி லாட்ச் விழும், மோட்டார் நிற்கும். இங்கே தவறுதலாக `|/|` போட்டால், ஸ்டார்ட்டை அழுத்தினாலும் மோட்டார் ஓடாது.